ப்ராஜெக்ட் கைடிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது

கேள்வி: "2022-இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலையில் இருக்கிறேன். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன். மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கைடாக இருந்த சாரிடம் கேட்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் அவருக்கு என்னை நினைவிருக்குமா தெரியவில்லை. ஹெச்.ஓ.டி.யிடம் வாங்கினால் மதிப்பு அதிகமா? கன்சல்டன்சியில் 'கடிதத்தை நாங்களே எழுதித் தருகிறோம், கையெழுத்து மட்டும் வாங்கி வாருங்கள்' என்கிறார்கள். என்ன செய்வது?"

கைடிடமே கேளுங்கள். நினைவிருக்குமா என்ற கவலைக்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். கன்சல்டன்சியின் கடிதம் வேண்டாம். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறவன். வருடா வருடம் அக்டோபர் பிறந்தால் இந்தக் கடிதங்களை எழுதுவது என் வேலைகளில் ஒன்று. ஆகவே எழுதுகிறவர் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். அங்கே அட்மிஷன் கமிட்டியில் நான் உட்கார்ந்ததில்லை. கடிதத்துக்கு அவர்கள் எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்பதை, அங்கே பேராசிரியராக இருக்கும் நண்பர்கள் சொல்லித்தான் அறிவேன். அதுவும் துறைக்குத் துறை மாறும். பாடம் மட்டும் படித்து முடிக்கிற எம்.எஸ்.ஸுக்குக் கடிதம் பெரும்பாலும் ஒரு சரிபார்ப்பு போலத்தான். தீசிஸ் எழுதுகிற எம்.எஸ்., பிஎச்.டி., உதவித்தொகை என்று போகும்போது அதன் எடை ஏறுகிறது.

முதலில் உங்கள் சாரின் திரையில் என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. விண்ணப்பத்தில் நீங்கள் அவருடைய பெயர், பதவி, கல்லூரி, இமெயில் ஆகியவற்றைப் போடுகிறீர்கள். பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கு நேரடியாக ஒரு லிங்க் போகும். அதைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு பகுதி இருக்கும். ஒன்றில் கடிதத்தைப் பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும். இன்னொன்று ஒரு கட்டம்: அறிவுத்திறன், ஆராய்ச்சித் திறன், எழுத்து, பேச்சு, பொறுப்புணர்வு என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் இந்த மாணவர் முதல் 5 சதவீதத்தில் வருவாரா, முதல் 10, 25, 50 சதவீதத்திலா என்று டிக் செய்ய வேண்டும். 'கவனிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை' என்றும் ஒரு கட்டம் உண்டு. எத்தனை வருடமாகத் தெரியும், எந்த முறையில் தெரியும் என்றும் கேட்பார்கள். எட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் விண்ணப்பித்தால் எட்டு லிங்க், எட்டு முறை இந்தக் கட்டம். கடிதம் ஒன்றுதான் என்றாலும், ஒரு மாலைப் பொழுது போய்விடும். நீங்கள் கேட்பது எவ்வளவு பெரிய வேலை என்பது தெரிந்து கேட்டால், கேட்கிற விதமே மாறும்.

இனி ஹெச்.ஓ.டி. விஷயம். நம் ஊரில் பதவிக்கு மரியாதை அதிகம். முதல்வர் கையெழுத்துப் போட்டால் கடிதத்துக்குக் கனம் கூடும் என்று நினைக்கிறோம். ஆனால் முதல்வரோ ஹெச்.ஓ.டி.யோ உங்களை வகுப்பில் அறுபது பேரில் ஒருவராகத்தான் பார்த்திருப்பார். அவர் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் தெரியுமா? 'இவரை நான்கு வருடமாக அறிவேன். நேரம் தவறாதவர், கீழ்ப்படிதல் உள்ளவர், கடின உழைப்பாளி, பழக இனிமையானவர், எதிர்கால முயற்சிகள் வெற்றிபெற வாழ்த்துகிறேன்.' இது நாம் டி.சி.யோடு கொடுக்கிற நன்னடத்தைச் சான்றிதழ். அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு இதைப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. 'வகுப்பில் நன்றாகச் செய்தார்' என்பதோடு நிற்கிற கடிதங்களை அவர்கள் வெறும் எண்ணிக்கைக்குத்தான் வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் மதிப்பெண் பட்டியலே அதைச் சொல்லிவிடுகிறது. பிஎச்.டி. முடிக்காத உதவிப் பேராசிரியராக இருந்தாலும் உங்களோடு லேபில் நின்றவர் எழுதும் இரண்டு பத்தி அதைவிடப் பெரிது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருவருக்கும் உங்களைச் சமமாகத் தெரியும் என்றால் மூத்தவரிடம் போங்கள், அவர் நிறைய மாணவர்களைப் பார்த்திருப்பதால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். அந்தத் துறையில் வெளியே பெயர் தெரிந்த பேராசிரியர் என்றால் அதுவும் உதவலாம். ஆனால் உங்களைத் தெரியாத பெரிய பெயரால் பயனில்லை.

நினைவு என்பதுதான் உண்மையான சிக்கல். அதிலும் உங்கள் பேட்ச் 2020, 2021 என்று நடுவில் கணிசமான காலம் ஆன்லைனில் படித்த பேட்ச். பல மாணவர்கள் எங்களுக்குத் திரையில் ஒரு பெயராகவும் அணைத்து வைத்த கேமராவாகவும்தான் இருந்தார்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் நேரில் நடந்திருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். எப்படியிருந்தாலும், கைடுக்கு உங்கள் முகம் நினைவிருக்கும், வேலை நினைவிருக்காது. ஒரே வருடத்தில் நாலைந்து டீமுக்கு கைடாக இருந்திருப்பார், அதற்குப் பிறகும் சில பேட்ச் போயிருக்கும். அந்த நினைவை எடுத்துக் கொடுப்பதுதான் உங்கள் கடமை. 'சார், எல்.ஓ.ஆர். வேணும், அர்ஜென்ட்' என்று வாட்ஸப்பில் வரும் செய்திக்கு நான் போடும் பதில் ஒரே ஒரு கேள்விக்குறிதான்.

முதல் மெயில் சின்னதாக இருக்கட்டும். அதில் நான்கு விஷயம் போதும். யார் நீங்கள்: பெயர், பேட்ச், ரெஜிஸ்டர் நம்பர், ப்ராஜெக்ட் தலைப்பு, டீமில் வேறு யார் இருந்தார்கள். என்ன செய்கிறீர்கள்: எந்த வேலை, எந்தப் படிப்புக்கு விண்ணப்பம், எத்தனை இடம், அவற்றில் முதலில் வரும் கடைசித் தேதி எது. ஏன் அவர்: அவர் பார்த்த ஏதாவது ஒரு வேலையைக் குறிப்பிட்டு ஒரே வரி. நான்காவது, கேள்வி. அதை 'கடிதம் கொடுப்பீர்களா' என்று கேட்காதீர்கள். 'என் வேலையைப் பற்றி விவரமாக எழுதும் அளவுக்கு உங்களுக்கு நினைவும் நேரமும் இருக்குமா சார்? இல்லையென்றாலும் தயங்காமல் சொல்லுங்கள், நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்' என்று கேளுங்கள். மறுக்க வழி விட்டுக் கேட்டால்தான் அவர் மனதில் இருப்பது வெளியே வரும். 'பார்க்கலாம்ப்பா', 'வேற யாராவது கிடைக்கலைன்னா வா' என்று இழுத்தால் அது மறுப்புதான், மரியாதையாகச் சொல்கிறார். அரைமனதோடு எழுதிய கடிதம் உங்களுக்கு உதவாது, ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஊரில் இருந்தால் மெயில் போட்டுவிட்டு நேரிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். சால்வை, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் வேண்டாம், எங்களுக்குத்தான் சங்கடம்.

அவர் சரி என்ற பிறகுதான் இரண்டாவது மெயில். அதில் மார்க் ஷீட், ரெஸ்யூமே, எஸ்.ஓ.பி. என்கிற நோக்கக் கட்டுரையின் இப்போதைய வடிவம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், பல்கலைக்கழகங்களும் கடைசித் தேதிகளும் உள்ள ஒரு பட்டியல். இவற்றோடு ஒரு பக்கத்துக்கு ஒரு நினைவுக் குறிப்பு. கடிதத்தின் தரத்தைத் தீர்மானிப்பது இந்தக் குறிப்புதான், அதனால் ஓர் உதாரணத்தை முழுவதுமாகச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மெக்கானிக்கல் மாணவர், சி.ஜி.பி.ஏ. 7.4, கணிதத் தாள் ஒன்றில் அரியர் வைத்துப் பிறகு எழுதிப் பாஸ் செய்தவர். ப்ராஜெக்ட், கொப்பரைத் தேங்காய்க்குச் சூரிய உலர்த்தி. அவர் முதலில் அனுப்பிய குறிப்பில் 'டீம் லீடராக இருந்தேன், புதுமையாக யோசித்தேன், ப்ராஜெக்ட் வெற்றிகரமாக முடிந்தது' என்று இருந்தது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுத? ஒரு போன் போட்டு, என்ன பிரச்சினை வந்தது, நீ என்ன செய்தாய், நான் என்ன பார்த்தேன், இந்த மூன்றை மட்டும் எழுதி அனுப்பு என்றேன். இரண்டாவது குறிப்பு இப்படி வந்தது: உலர்த்தியில் கீழ்த்தட்டில் இருந்த தேங்காய் பழுப்பேறியது, மேல்தட்டில் இருந்தது ஈரமாகவே இருந்தது. ஒவ்வொரு தட்டிலும் தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்தார். அதற்கு முன் எல்லா தெர்மோகப்பிளையும் பனிக்கட்டித் தண்ணீரிலும் கொதிக்கும் தண்ணீரிலும் வைத்துச் சரிபார்த்ததில், ஒன்று மட்டும் மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியது, அதை ஒதுக்கினார். அப்புறம் அளந்து பார்த்தால், சூடான காற்று தட்டுகளின் ஊடே ஏறாமல் பக்கச் சுவரை ஒட்டி நேரே மேலே போய்விடுகிறது. தகரத்தில் ஒரு தடுப்பு வைத்ததும் தட்டுகளுக்கு இடையே இருந்த வெப்ப வித்தியாசம் பாதிக்கு மேல் குறைந்தது. கடைசி ரெவ்யூவில் நான் 'ஈரப்பதத்தை எப்படி அளந்தாய்' என்று கேட்டபோது, முன்பு எடுத்த ஒரு நாள் அளவு தவறு என்று தானாகவே சொல்லி அதை நீக்கியதையும் குறிப்பில் எழுதியிருந்தார்.

அதைப் படித்ததும் எனக்கு எல்லாம் திரும்ப வந்தது. முக்கியமாக, பனிக்கட்டித் தண்ணீர் விஷயம். நான் சொல்லாமலே அவர் அதைச் செய்தார். கடிதத்தின் முதல் பத்தியில் எந்தப் பாடத்தில், எந்த செமஸ்டரில், எந்த முறையில் அவரைத் தெரியும் என்று எழுதினேன். இரண்டாவது பத்தி முழுக்கத் தெர்மோகப்பிள் கதை. மூன்றாவதில் ஒப்பீடு: தேர்வு மதிப்பெண்ணில் இவர் வகுப்பின் முன்வரிசையில் இல்லை, ஆனால் சோதனை செய்து, வந்த எண்ணைச் சந்தேகித்துப் பார்க்கும் பழக்கத்தில் நான் வழிநடத்திய ப்ராஜெக்ட் மாணவர்களில் முதல் சிலரில் ஒருவர். கட்டத்திலும் அப்படித்தான் போட்டேன், ஆராய்ச்சித் திறனுக்கு உயரமாக, பாட அறிவுக்கு அதைவிடக் கீழே, பேச்சாற்றலுக்கு 'கவனிக்க வாய்ப்பில்லை'. எல்லாவற்றுக்கும் 'முதல் 5 சதவீதம்' என்று டிக் அடித்துவிட்டால் மாணவருக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். 7.4 வைத்திருக்கும் மாணவருக்கு எல்லாக் கட்டத்திலும் உச்ச மதிப்பீடு கொடுத்தால், படிக்கிறவர் மாணவரை விட்டுவிட்டு எழுதியவரைச் சந்தேகிப்பார்.

அரியர் பற்றிக் கேட்பீர்கள். காரணம் உங்கள் கைடுக்கு நேரடியாகத் தெரிந்தால், அதாவது அந்த செமஸ்டரில் உங்கள் வீட்டில் நடந்ததை அவரே அறிந்திருந்தால், ஒரு வரியில் குறிப்பிடும்படி கேட்கலாம். தெரியாததை எழுதச் சொல்லாதீர்கள். அதை எஸ்.ஓ.பி.யில் நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

சரி, இப்போது நம் ஊருக்கே உரிய சங்கடம்: 'நீயே எழுதிட்டு வாப்பா, நான் சைன் போடறேன்.' இதைச் சொல்லாத கல்லூரி இல்லை. விண்ணப்பதாரர் எழுதிய கடிதத்தை ஏற்க மாட்டோம் என்று சில பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன, அதனால் இது வெறும் வழக்கம் என்று விட்டுவிட முடியாது. என் யோசனை, 'சார், லெட்டர் எழுத எனக்குத் தெரியாது, ஆனால் எல்லா விவரத்தையும் வரிசையாக எழுதித் தருகிறேன்' என்று சொல்லி மேலே சொன்ன குறிப்பைக் கொடுப்பது. குறிப்பு நன்றாக இருந்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும், பெரும்பாலானவர்கள் எழுதிவிடுவார்கள். மூன்று கடிதத்தையும் ஒரே ஆள் எழுதினால் அது எப்படியும் தெரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே மாதிரித் தொடக்கம், ஒரே பெயரடைகள், ஒரே இடத்தில் ஒரே பிழை, எஸ்.ஓ.பி.யில் இருக்கும் வாக்கியம் கடிதத்திலும். கமிட்டியில் இருப்பவர் மூன்றையும் அடுத்தடுத்துத்தான் படிக்கிறார்.

கன்சல்டன்சியில் நடப்பது இதைவிட மோசம். அவர்களிடம் பத்துப் பதினைந்து மாதிரிக் கடிதம் இருக்கும், பெயரையும் பாடத்தையும் மாற்றுவார்கள். உங்கள் கல்லூரியிலிருந்தே இன்னொருவர் அதே கடிதத்தோடு அதே பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கலாம். சில இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், பேராசிரியர் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கைத் தாங்களே தொடங்கி, லிங்க்கை அங்கே வரவழைத்து, கட்டத்தையும் நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். இது போலிக் கையெழுத்துக்குச் சமம். விண்ணப்பத்தின் கடைசியில் 'எல்லாத் தகவலும் உண்மை' என்று நீங்கள்தான் உறுதி கொடுக்கிறீர்கள், கன்சல்டன்சி அல்ல. பல்கலைக்கழகத்திலிருந்து கல்லூரி முகவரிக்கு ஒரு மெயில் போட்டு 'நீங்கள்தான் எழுதினீர்களா' என்று கேட்டால் கதை முடிந்தது. சேர்ந்த பிறகு தெரியவந்தாலும் அட்மிஷனை ரத்துசெய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. லாகின், பாஸ்வேர்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும். பரிந்துரைப்பவர் இமெயில் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

இமெயில் என்றதும் இன்னொன்று. கல்லூரி டொமைன் உள்ள முகவரியைத்தான் பல பல்கலைக்கழகங்கள் விரும்புகின்றன. நம் கல்லூரிகளில் பலர் ஜிமெயிலைத்தான் பார்ப்பார்கள், கல்லூரி மெயிலின் பாஸ்வேர்டே மறந்திருக்கும். எந்த முகவரியைப் போடலாம் என்று அவரிடமே கேளுங்கள். கல்லூரி மெயில் என்றால் அதைத் தினமும் திறக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கைடு இப்போது வேறு கல்லூரிக்கு மாறியிருக்கலாம், தனியார் கல்லூரிகளில் இது சகஜம். பரவாயில்லை. இப்போதைய கல்லூரி லெட்டர்ஹெட்டில், 'இந்த ஆண்டுகளில் இந்தக் கல்லூரியில் இவருக்குக் கைடாக இருந்தேன்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

விண்ணப்பத்தில், கடிதத்தைப் பின்னால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். பலர் பயந்துபோய் 'இல்லை' என்று போடுகிறார்கள். இது 1974-இல் வந்த ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டத்தால் வந்த கேள்வி. அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவருக்குத் தன் கோப்பைப் பார்க்கும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. விட்டுக்கொடுத்தால்தான் அட்மிஷன் என்று அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம். மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தைத்தான் மனம் திறந்த கடிதமாக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் என்ன தேர்ந்தெடுத்தீர்கள் என்பது எங்கள் திரையிலும் தெரியும். சார் தானாகவே உங்களுக்கு ஒரு பிரதி காட்டினால் அது அவர் விருப்பம், நீங்கள் கேட்காதீர்கள்.

காலம் பற்றி. பல துறைகளின் கடைசித் தேதி டிசம்பர் 1 அல்லது 15. நம் ஊரில் அதே நேரத்தில்தான் செமஸ்டர் தேர்வு, ப்ராக்டிக்கல், விடைத்தாள் திருத்தும் கேம்ப் எல்லாம் வரிசையாக வரும். கேம்ப்பில் இருக்கும் ஆசிரியரிடம் லிங்க் அனுப்பிப் பயனில்லை. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முதல் மெயில் போய்விட வேண்டும். சில விண்ணப்பத் தளங்களில் பரிந்துரைப்பவர் பெயரைச் சேமித்த உடனே லிங்க் போய்விடும், சிலவற்றில் கட்டணம் கட்டிச் சமர்ப்பித்த பிறகுதான் போகும். எது என்று பார்த்துக்கொண்டு, லிங்க்குகள் எல்லாம் ஒரே வாரத்தில் போகும்படி செய்யுங்கள், அவர் ஒரே உட்காரலில் முடித்துவிடுவார். போன அன்றே 'சார், இந்தப் பெயர்களில் இத்தனை மெயில் வந்திருக்கும், ஸ்பேமிலும் ஒருமுறை பாருங்கள்' என்று ஒரு செய்தி போடுங்கள். கடிதம் சேர்ந்ததா என்பது உங்கள் பக்கத்திலேயே தெரியும். சேரவில்லை என்றால் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டல், இரண்டு நாள் முன்னால் ஒரு போன். பல துறைகள் விண்ணப்பம் நேரத்தில் வந்துவிட்டால் கடிதத்துக்குச் சில நாள் பொறுப்பார்கள், ஆனால் எல்லாத் துறைகளும் அல்ல. அதைத் துறை அலுவலகத்துக்கு மெயில் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்று கடிதத்தில் ஒன்று கைடு, இன்னொன்று நீங்கள் நன்றாகச் செய்த ஒரு பாடத்தை நடத்தியவர், அதிலும் லேப் சேர்ந்த பாடமாக இருந்தால் நல்லது. மூன்றாவதை உங்கள் இப்போதைய வேலையில் உங்களுக்கு நேர் மேலே இருப்பவரிடம் வாங்கலாம், எம்.எஸ்.ஸுக்கு அதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அவரிடமும் இதே நினைவுக் குறிப்பு முறைதான். வேலையை விடப் போகிறீர்கள் என்பது அவருக்கு இப்போதே தெரிவது உங்களுக்குச் சரிப்படுமா என்று மட்டும் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். சரிப்படாது என்றால் முன்பு வேலை பார்த்த டீமின் மேலாளரைக் கேளுங்கள், அல்லது மூன்றையும் கல்லூரியிலேயே வாங்கிவிடுங்கள்.